மாலா-என் கருத்தடை மாத்திரை போடுபவருக்கு ஆன்டிபயாடிக், ஃபிட்ஸ் மாத்திரை: எது உண்மையில் காப்பைக் குறைக்கிறது?

கடைமடை
மன்னார்குடிக்குத் தெற்கே மருந்துக்கடை. நடவு தொடங்கிவிட்டால் எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் 100 எழுதிய சீட்டு நிறைய வரும். வாங்குகிற பெண்களில் பலர் மாலா-என் போடுகிறவர்கள். எங்கள் கடையில் காலங்காலமாகச் சொல்வது இதுதான்: "ஆன்டிபயாடிக் முடிஞ்சு ஏழு நாள் வரைக்கும் நிரோத் போட்டுக்குங்க." புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் டிப்ளமோ முடித்தவன். அதெல்லாம் பழைய கதை என்கிறான். போன வாரம் டிபி மாத்திரை சாப்பிடும் ஒரு பெண் மாலா-என் கேட்டு வந்தபோதும் அதே தைரியத்தில் கொடுக்கப் போனான். நான்தான் நிறுத்தி வைத்தேன். எங்களில் யார் சொல்வது சரி?

வெண்ணாறு
பழைய வழக்கம்தான் சரி, அண்ணே. மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரலுக்குப் போய், பித்தத்தோடு குடலுக்கு வந்து, அங்கே இருக்கும் கிருமிகள் அதை உடைத்து விடுவதால் மறுபடி ரத்தத்தில் ஏறும். ஆன்டிபயாடிக் அந்தக் கிருமிகளைக் கொன்றால் மறுசுழற்சி நிற்கும், அளவு குறையும். பாடத்திலேயே இருக்கிறது. எந்த ஆன்டிபயாடிக்காக இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

அரசலாறு
வெண்ணாறு சொன்ன மறுசுழற்சி நிஜம். அதிலிருந்து வரும் முடிவுதான் பிசகு. எத்தினில் எஸ்ட்ராடியால் அப்படிச் சுற்றுவது உண்மைதான், ஆனால் கருமுட்டை வெளியேறாமல் தடுக்கும் பெரும்பாரத்தைச் சுமப்பது மாலா-என்னில் இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல். அது வேலை செய்யும் வடிவத்தில் குடலிலிருந்து திரும்பி வருவதில்லை, அதனால் கிருமி செத்தாலும் அதற்கு இழப்பு இல்லை. இதைக் காகிதக் கணக்கோடு விட்டுவிடவில்லை. மாத்திரை போடும் பெண்களுக்கு ஆம்பிசிலின், டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல் போன்றவற்றைக் கொடுத்து ரத்தத்தில் ஹார்மோனை அளந்தே பார்த்தார்கள். குறையவில்லை. 2011-ல் பிரிட்டன் தன் வழிகாட்டியிலிருந்து அந்த ஏழு நாள் எச்சரிக்கையை எடுத்தது. உலக சுகாதார நிறுவனமும் பொதுவான ஆன்டிபயாடிக்குகளுக்கு எந்தத் தடையும் போடவில்லை.

ஆகவே டாக்சிசைக்ளின், அமாக்சிசிலின், செஃபிக்சிம், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சாசின், மெட்ரோனிடசோல் எதற்கும் நிரோத் தேவையில்லை. எலிக்காய்ச்சலுக்கு ஏழு நாள் டாக்சிசைக்ளின் போட்டாலும், தடுப்பாக வாரம் 200 மில்லிகிராம் போட்டாலும் அதேதான்.

டிபி சீட்டு விஷயத்தில் நீங்கள் நிறுத்தி வைத்தது மிகச் சரி. அந்தப் பையன் பாதிதான் படித்திருக்கிறான்.

கடைமடை
அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்துதான் வந்தது? ஒன்றுமில்லாமல் இத்தனை வருஷம் நிற்குமா?

அரசலாறு
ரிஃபாம்பிசினிலிருந்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில், காசநோய்க்கு அதைச் சாப்பிட்ட பெண்களுக்கு இடையிடையே ரத்தப்போக்கு வந்தது, சிலர் கருவுற்றார்கள். ரிஃபாம்பிசின் ஓர் ஆன்டிபயாடிக். அந்த ஒரு மருந்தின் குற்றம் ஊரிலுள்ள எல்லா ஆன்டிபயாடிக் தலையிலும் விழுந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவோரிலும் வருஷத்துக்குச் சிலர் கருவுறத்தான் செய்வார்கள். அந்தச் சிலரில் யாராவது அதற்கு முன் மாதம் அமாக்சிசிலின் சாப்பிட்டிருந்தால் பழி அதன்மேல் போகும்.

இதில் உண்மையான துணுக்கு ஒன்று உண்டு. அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். மாலா-என் போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மாத்திரை உள்ளே தங்கவில்லை, இன்னொன்று போட வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீராய்ப் போய்க்கொண்டே இருந்தால் அந்த நாட்களை மாத்திரை தவறிய நாளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கவுண்டரில் கேட்க வேண்டியது, "ஆன்டிபயாடிக் சாப்பிடறீங்களா" என்பதல்ல. "வாந்தி, பேதி இருக்கா" என்பதுதான்.

குடமுருட்டி
நல்ல இழை. திருவிழா வருகிறது, என் அக்காள் மகளுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கியிருக்கிறோம். கூடவே பல்லுக்கு ஆன்டிபயாடிக். இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

அரசலாறு
நீங்கள் கேட்பது வேறு மாத்திரை, சார். தள்ளிப்போடத் தருவது நோரெத்திஸ்டெரோன் 5 மில்லிகிராம். பல்லுக்கு அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கருத்தடையாக எண்ணிவிட வேண்டாம் என்று பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.

செம்மண்மேடு
கிராம சுகாதார செவிலியர் வேலை. டிபி மாத்திரை பற்றிக் கொஞ்சம் விரித்து எழுதுங்கள், அரசலாறு. எங்கள் ஏரியாவில் மாலா-என் வாங்கும் பெண் டிபி சிகிச்சையில் சேர்ந்தால் எந்த நாளிலிருந்து மாற்ற வேண்டும், எந்த நாள் வரை? தேதி போட்டுச் சொன்னால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன்.

அரசலாறு
50 கிலோவுக்கு மேல், 64-க்குள் எடையுள்ள பெண் என்று வைத்துக்கொள்வோம். தினமும் நான்கு கூட்டு மாத்திரை. ஒவ்வொன்றிலும் ரிஃபாம்பிசின் 150 மில்லிகிராம், மொத்தம் 600. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துக் கூட்டு, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துக் கூட்டு. இரண்டாம் கட்டத்தில் பைராசினமைடு மட்டும்தான் கழிகிறது, ரிஃபாம்பிசின் கடைசி நாள் வரை உண்டு. "பாதி மருந்து நின்றுவிட்டது, இனி மாலா-என் போடலாம்" என்று இங்கே ஏமாறுபவர்கள் உண்டு.

ரிஃபாம்பிசின் கல்லீரலிலும் குடல் சுவரிலும் மருந்தை உடைக்கும் நொதியை அதிகமாகத் தயாரிக்க வைக்கிறது. மாலா-என்னின் இரண்டு ஹார்மோனையும் அதே நொதிதான் உடைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் அளவு ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். நொதி ஒரே ராத்திரியில் கூடுவதில்லை, சில நாளில் தொடங்கி இரண்டு வாரத்தில் உச்சத்துக்கு வரும். ஆனால் எந்த நாளில் காப்பு போனது என்று யாருக்கும் தெரியாததால் முதல் டோஸிலிருந்தே கணக்கு வைக்கிறோம். மருந்து நின்ற பிறகும் நொதி உடனே இறங்காது. அதற்குத்தான் கடைசி டோஸுக்குப் பிறகும் 28 நாள் மாலா-என்னை நம்பக் கூடாது என்ற கணக்கு.

இனி தேதி. ஜூன் 10-ல் முதல் டோஸ் என்றால் அன்றே மூன்று மாதக் கருத்தடை ஊசியான அந்தரா 150 மில்லிகிராம். 13 வாரம் கழித்து செப்டம்பர் 9, அதற்குப் பின் டிசம்பர் 9. சிகிச்சையின் கடைசி மாத்திரை டிசம்பர் 10 என்றால் 28 நாள் ஜனவரி 7-ல் முடியும். டிசம்பர் ஊசி மார்ச் வரை காக்கும் என்பதால் அந்த இடைவெளியும் அடைபடும். அந்தராவை ரிஃபாம்பிசின் தொடுவதில்லை. ஊசி இடைவெளியைக் குறைக்கவும் வேண்டாம், பத்து வாரத்துக்கு ஒன்று என்று சிலர் போடுவது தேவையற்றது.

செம்மண்மேடு
மாலா-என்னை அதுவரை தவறாமல் போட்டு வந்தவருக்கு அன்றே ஊசி போடலாம், கூடுதல் காப்பும் வேண்டாம். இடையில் மாத்திரை விட்டவருக்குக் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, ஏழு நாள் நிரோத்தும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சில பெண்களுக்கு அந்தரா பிடிக்காது. மாதவிடாய் ஒழுங்கு தவறும், நின்றும் போகும். சிகிச்சை முடிந்த கையோடு குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அதைத் தர நான் தயங்குவேன், ஊசியை நிறுத்திய பிறகு கரு நிற்க ஏழெட்டு மாதம் தாமதமாவது சகஜம். அவர்களுக்கு காப்பர்-டி. அதில் ஹார்மோனே இல்லை, ரிஃபாம்பிசின் உடைக்க ஒன்றும் கிடையாது.

நான் தினமும் பயன்படுத்தும் ஒரு கேள்வி: "மூத்திரம் ஆரஞ்சு கலரில் போகுதா?" பல பெண்களுக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. "நெஞ்சு சளிக்கு ஆறு மாசம் சாப்பிடணும்னாங்க" என்று மட்டும் சொல்வார்கள். ரிஃபாம்பிசின் மூத்திரத்தையும் கண்ணீரையும் கூட ஆரஞ்சாக்கும். அந்தப் பதில் வந்தால் மாலா-என் அட்டையைக் கொடுக்காமல் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

நெற்குதிர்
தலைப்பில் ஃபிட்ஸ் மாத்திரையும் இருக்கிறதே, அதனால் என்னுடையதையும் கேட்கிறேன். நான்கு வருஷமாக ஃபெனிடோயின் 100, ராத்திரி மூன்று. மாலா-என் எட்டு மாதமாக. போன இரண்டு அட்டையிலும் வெள்ளை மாத்திரை பாதி இருக்கும்போதே லேசாக ரத்தம் பட்டது. உடம்பு சூடு என்று நினைத்து விட்டுவிட்டேன். கர்ப்பம் இல்லை, பரிசோதித்தேன். ஃபிட்ஸ் மாத்திரையைக் காலைக்கும் மாலா-என்னை ராத்திரிக்கும் மாற்றினால் சரியாகிவிடுமா?

அரசலாறு
சரியாகாது, அம்மா. இரண்டும் வயிற்றில் மோதிக்கொள்ளவில்லை. ஃபெனிடோயின் உங்கள் கல்லீரலில் நொதியைக் கூட்டி வைத்திருக்கிறது, அது இருபத்து நாலு மணி நேரமும் அங்கேயே இருக்கும். எத்தனை மணி நேரம் தள்ளிப் போட்டாலும் மாலா-என் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ரிஃபாம்பிசின் செய்வதையே ஃபெனிடோயினும் செய்கிறது.

வெள்ளை மாத்திரை நடுவில் ரத்தம் படுவது, கருப்பை உட்சுவரைப் பிடித்து வைக்க ஹார்மோன் போதவில்லை என்பதைக் காட்டலாம். மாத்திரை தவறினாலும், வேறு காரணத்தாலும் வரும். ஆனால் ஃபெனிடோயினோடு சேர்ந்து வந்தால் அதைச் சூடு என்று தள்ளக் கூடாது. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: ரத்தம் படாவிட்டால் காப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. படாமலேயே கருவுற்றவர்கள் உண்டு.

இன்றிலிருந்து நிரோத். இந்த வாரமே சுகாதார நிலையத்தில் காப்பர்-டி அல்லது அந்தரா பற்றிப் பேசுங்கள். ஃபெனிடோயினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

வெண்ணாறு
நெற்குதிர் அக்காவுக்கு இன்னொரு வழி. மாலா-என் ஒன்றில் ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம். தினமும் இரண்டாகப் போட்டால் 60. பாதி போனாலும் 30 மிஞ்சும், கணக்கு நேராகிவிடும்.

அரசலாறு
கணக்கு நேராகும், உடம்பு நேராகாது. ஃபெனிடோயின், கார்பமசெபின் சாப்பிடுவோருக்கு 50 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல், இடைவெளியையும் சுருக்கிக் கொடுப்பது பழைய முறையாக இருந்தது. எத்தனை பேருக்குக் கருமுட்டை உண்மையில் நிற்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் குறைவு. ஒவ்வொருவருக்கும் நொதி கூடும் அளவும் வேறு. குறைவாகக் கூடியவருக்கு 60 மைக்ரோகிராம் முழுசாக ரத்தத்தில் இருக்கும், கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் ஏறும். ரிஃபாம்பிசினோடு அதைச் செய்யவே கூடாது.

செம்மண்மேடு
காப்பர்-டியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பெண்ணிடம் "அப்படியானால் ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்ப முடியாதே? அந்த இடத்தில் சில டாக்டர்கள் இரட்டை மாத்திரையும் நிரோத்தும் சேர்த்து எழுதுகிறார்கள். நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

அரசலாறு
டாக்டர் பார்த்து, ரத்த அழுத்தம், புகையிலைப் பழக்கம், வயது எல்லாம் கேட்டு எழுதினால் அது அவர் முடிவு. கடையில் நாமாகச் சொல்வதற்கு நான் உடன்பட மாட்டேன். நிரோத் இருந்தால் காப்பது நிரோத்தா, இரட்டை மாத்திரையா என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது.

கடைமடை
மற்ற ஃபிட்ஸ் மாத்திரைகள்? எங்கள் கடையில் அதிகம் போவது கார்பமசெபின், வால்ப்ரோயேட், லெவெடிராசெடம், க்ளோபசாம். பழைய ஆட்கள் சிலர் ஃபினோபார்பிட்டோன். ஒற்றைத் தலைவலிக்கு டோபிராமேட்.

அரசலாறு
ஃபினோபார்பிட்டோன், கார்பமசெபின், ஃபெனிடோயின் மூன்றும் ஒரே கூட்டம். பிரிமிடோனையும் ஆக்ஸ்கார்பசெபினையும் அதில் சேருங்கள். நின்ற பிறகு 28 நாள் என்ற கணக்கு இவற்றுக்கும் பொருந்தும்.

டோபிராமேட் அளவைப் பொறுத்தது. நாளுக்கு 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால்தான் தெளிவாகத் தெரிகிறது. தலைவலிக்கு 50, 100 என்று தருவதில் பாதிப்பு சொற்பம். ஆனாலும் கருவில் அது கெடுதல் செய்யும் மருந்து, அதனால் குறைந்த அளவிலும் மாத்திரையை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு தெரியும் பெண்ணாக இருந்தால் டோபிராமேட் எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை, பக்கவாத அபாயத்தால் மாலா-என்னே ஆகாது.

லெவெடிராசெடமும் வால்ப்ரோயேட்டும் மாலா-என்னைத் தொடுவதில்லை. காபாபென்டின், பிரீகாபலினும் அப்படியே. க்ளோபசாம் நொதியை லேசாகத்தான் கூட்டும், ஆனாலும் அதன் அமெரிக்க மருந்துக் குறிப்பு ஹார்மோன் இல்லாத கூடுதல் காப்பு வேண்டும் என்கிறது. வால்ப்ரோயேட் சீட்டைப் பார்த்தால் வேறு காரணத்துக்காகக் கவனம் வேண்டும்: அது குழந்தையின் முதுகுத் தண்டையும் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும். சாப்பிடும் பெண்ணுக்குக் கருத்தடை ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும்.

பழையாறு
லாமோட்ரிஜின் பெயரை யாரும் எடுக்கவில்லையே. அதுவும் மாலா-என்னைக் கெடுக்கும் என்று படித்த ஞாபகம்.

அரசலாறு
திசை தலைகீழ். மாலா-என்தான் லாமோட்ரிஜினைக் குறைக்கிறது, ஏறக்குறைய பாதியாக. ஃபிட்ஸ் அடங்கியிருந்த பெண் மாலா-என் ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஃபிட்ஸ் என்று வந்தால், மாத்திரை தவறவிட்டாள் என்று திட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள். அடுத்தது அட்டையின் கடைசி ஏழு இரும்புச்சத்து மாத்திரை நாட்கள். அப்போது ஈஸ்ட்ரோஜன் இல்லை, லாமோட்ரிஜின் மேலே ஏறும். தலைசுற்றல், பொருள் இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், எல்லாம் அந்த ஏழு நாளில் மட்டும் வந்து போகும். தேதி குறித்து வைத்தால் பிடிபட்டுவிடும். வால்ப்ரோயேட்டும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக வராது.

பழையாறு
ஓ, நான் படித்ததைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன்.

நெற்குதிர்
அரசலாறு, ஒரு சந்தேகம். நேற்றே நிரோத் கிழிந்துவிட்டது. ஐ-பில் போடலாமா?

அரசலாறு
ஃபெனிடோயின் அதையும் பலவீனமாக்கும். அதில் இருப்பதும் லெவோநார்ஜெஸ்ட்ரல்தான், 1.5 மில்லிகிராம். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைப்பதுதான் முதல் வழி. நேற்று நடந்ததென்றால் நேரம் இருக்கிறது. வைத்த பிறகு அதுவே தொடர்ந்து காப்பாகவும் இருக்கும். நொதியைக் கூட்டும் மருந்து சாப்பிடுவோருக்குக் காப்பர்-டி முடியாவிட்டால் பிரிட்டன் வழிகாட்டி ஒரே வேளையில் இரண்டு மாத்திரை, மொத்தம் 3 மில்லிகிராம், என்கிறது. அதன் பலன் காப்பர்-டிக்கு ஈடாகாது. நாளைக் காலையே போய்விடுங்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

செம்மண்மேடு
காலையில் மருத்துவர் வரும் நேரத்துக்குப் போங்கள், ஃபெனிடோயின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு.

அரசலாறு, எனக்கு இன்னொரு கேள்வி. தொழுநோய்க்கு மாதம் ஒரு தடவை எங்கள் முன்னிலையில் ரிஃபாம்பிசின் 600 கொடுக்கிறோம். 28 நாள் அட்டை. அவர்களுக்கு மாலா-என்?

அரசலாறு
நல்ல சிக்கல். நின்ற பிறகு 28 நாள் என்ற விதியை அப்படியே வைத்தால், ஒரு டோஸின் 28 நாள் முடியும் அன்று அடுத்த டோஸ் வந்துவிடும். விதி முடிவதே இல்லை. ஆகவே சிகிச்சை முழுக்க மாலா-என்னை நம்ப வேண்டாம் என்பேன். எச்சரிக்கைக்கு ரிஃபாம்பிசினை எத்தனை நாள் தந்தோம் என்று பார்ப்பதில்லை. மூளைக்காய்ச்சல் நோயாளியோடு பழகியவர்களுக்கு இரண்டே நாள் தரும்போதும் நான்கு வாரம் என்கிறார்கள்.

வெண்ணாறு
இரண்டு நாளில் நான்கு டோஸ் போகும். மாதம் ஒரே டோஸ் வேறு. நொதி லேசாகத் தலை தூக்கி இறங்கிவிடும், தினசரி சாப்பிடும் டிபி நோயாளியோடு ஒப்பிடக் கூடாது. இந்த முறை எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

அரசலாறு
உங்கள் வாதம் பொய் என்று சொல்லவில்லை. எத்தனை நாள், எவ்வளவு இறங்குகிறது என்று அளக்காமல் ஒரு பெண்ணிடம் "போடுங்க, பரவாயில்லை" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். காப்பர்-டி இருக்கும்போது எதற்கு இந்த விஷப்பரீட்சை?

செம்மண்மேடு
இருவரும் சொன்னதை மருத்துவ அலுவலரிடம் எடுத்துப் போகிறேன். அதுவரை நிரோத்.

கடைமடை
கடைசியாக ஒன்று. வயிற்றுப்போக்குக்கு ரிஃபாக்சிமின் 400 எழுதிய சீட்டு இப்போது கையில் இருக்கிறது, எதிரில் மாலா-என் போடும் பெண். பையன் "ரிஃபா" என்று பார்த்ததும் நான் சொல்லிக் கொடுத்தபடி மாலா-என்னைத் தர மாட்டேன் என்று நிற்கிறான்.

அரசலாறு
பெயர்தான் உறவு. ரிஃபாக்சிமின் குடலோடு நின்றுவிடும், ரத்தத்தில் கிட்டத்தட்ட ஏறுவதே இல்லை. கல்லீரல் நன்றாக உள்ளவருக்கு மாலா-என்னைத் தடுக்க வேண்டாம். ஆனால் வயிற்றுப்போக்கு எத்தனை நாளாக என்று கேளுங்கள். இன்று மாத்திரை போட்ட பிறகு வாந்தி எடுத்தாரா என்றும்.

கடைமடை
கேட்டேன். நேற்று மத்தியானத்திலிருந்து ஆறு தடவை, வாந்தி இல்லை. நிரோத் ஒரு பாக்கெட்டும் ஓஆர்எஸ் நான்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.